கெட்ட செய்தி நோட்டீஸ்: எங்கே பூசி எழுதலாம், எங்கே உடைத்து எழுத வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெஸ்தாரி ஜெயாவில், அதாவது இன்னும் பாதிப் பேர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், தட்டச்சு, நகல், மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தோட்ட ஆபீஸ் நோட்டீஸ், கோயில் அறிவிப்பு, மரண அறிவிப்பு எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். கொண்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கானவை.

அக்கா, மழுப்பலான சொல் எதைப் பார்த்தாலும் அடித்துவிட்டு நேரடியாக எழுதிவிட வேண்டியதுதானா?

இல்லை தம்பி. அப்படி ஒரே அடியாக அடித்தால் மரண அறிவிப்பில் போய் "செத்துப்போனார்" என்று எழுத வேண்டி வரும், அதை யாரும் கேட்கவில்லை.

நான் ஒவ்வொரு சொல்லிலும் பார்ப்பது ஒன்றுதான். இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் படிக்கிறவருக்கு என்ன நஷ்டம்? பணம் போகுமா, ஒரு தேதி தவறுமா, வீடு போகுமா, உடம்புக்கு ஆபத்து வருமா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்த இடத்தில் பச்சையாகத்தான் எழுத வேண்டும், யார் முகம் சுளித்தாலும் சரி. எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், அதோடு ஊரில் எல்லோருக்கும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்றால், அதை அப்படியே விட்டுவிடுவேன். "காலமானார்" என்று படித்துவிட்டு யாரும் அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று நினைக்க மாட்டார்கள். "சேவை ஓய்வு அளிக்கப்படும்" என்று படித்துவிட்டு, பென்ஷன் மாதிரி ஏதோ வரப்போகிறது என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். மானேஜர் ஒரு வரைவு கொடுத்து "இதையே நல்ல தமிழில் போடு" என்றார். எதை மாற்றுவது, எதை விடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்டது தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு சின்னக் கிராணி. இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வகை நோட்டீஸில்தான் அதிகம் பேர் ஏமாந்து போகிறார்கள். வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"தற்போதைய பொருளாதாரச் சூழலையும் தோட்டத்தின் எதிர்கால வளர்ச்சியையும் கருத்தில் கொண்டு மனிதவள மறுசீரமைப்பு மேற்கொள்ளப்பட உள்ளது. இதன் தொடர்பில் சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்குச் சேவை ஓய்வு அளிக்கப்படும். உரிய அனுகூலங்கள் விதிமுறைப்படி வழங்கப்படும். குடியிருப்பு வசதிகள் மறுபரிசீலனை செய்யப்படும். ஊழியர்களின் மேலான ஒத்துழைப்பை நிர்வாகம் பெரிதும் எதிர்பார்க்கிறது."

இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா, எந்தத் தேதியோடு, எவ்வளவு காசு, வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்ற நான்கில் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. அதனால் நான் சொல்லைத் திருத்த உட்காருவதற்கு முன்னால் கிராணியிடம் அந்த நான்கையும் கேட்பேன். அவருக்கே தெரியவில்லை என்றால் மானேஜரிடம் போய்க் கேட்டு வா என்று திருப்பி அனுப்புவேன். மழுப்பலில் பாதி, எழுதுகிறவர் கையில் விவரம் இல்லாததால் வருவது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பால்மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டு செம்பனை போடப் போகிறார்கள், பால்மரம் சீவும் பிரிவில் 34 பேர், மார்ச் 2-ஆம் தேதி நோட்டீஸ், ஏப்ரல் 30 கடைசி வேலை நாள். அப்போது நோட்டீஸ் இப்படி வரும்:

"பால்மரப் பிரிவை ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடுவது என்று தோட்ட நிர்வாகம் முடிவு செய்துள்ளது. இதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அந்தப் பிரிவில் உள்ள 34 பேருக்கும் அன்றோடு வேலை முடிகிறது. இது ஆட்குறைப்பு. நீங்களாக வேலையை விட்டதாகவோ ஓய்வு பெற்றதாகவோ ஆகாது. ராஜினாமா கடிதம் யாரும் எழுதித் தர வேண்டாம்.

ஆட்குறைப்புப் பணம் மே 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்படும். உங்கள் பேருக்கு எவ்வளவு, எப்படிக் கணக்குப் போட்டோம் என்பது தனிக் கடிதத்தில் இருக்கும்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் ஜூலை 31 வரை இருக்கலாம். அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதுவரை தண்ணீர், மின்சாரம் நிறுத்தப்படாது.

வேலை இழந்தவர்களுக்கான சொக்சோ உதவிக்கு ஜூன் 28-க்குள் மனுச் செய்யுங்கள். பாரம் நிரப்ப ஆபீஸில் உதவி கிடைக்கும். இத்தனை ஆண்டு உழைப்புக்கு நிர்வாகத்தின் நன்றி."

ஒன்றைக் கவனியுங்கள். இதில் மென்மையான சொற்களும் இருக்கின்றன. "வருத்தத்துடன்" இருக்கிறது, "நன்றி" இருக்கிறது, "வேலை முடிகிறது" என்பதுகூட "வேலையிலிருந்து நீக்குகிறோம்" என்பதைவிட மிருதுவானதுதான். இவை எதுவும் தேதியையோ பணத்தையோ மறைக்கவில்லை, அதனால் இருக்கட்டும். அடிபட்டுப் போனவை மறுசீரமைப்பு, சேவை ஓய்வு, உரிய அனுகூலம், மறுபரிசீலனை ஆகிய நான்கு. அப்புறம் "மேற்கொள்ளப்பட உள்ளது" என்பதும் போய்விட்டது, ஏனென்றால் அதில் யார் முடிவெடுத்தது என்பதே இல்லை. மழை பெய்த மாதிரி தானாக நடக்கிற விஷயம் இல்லை இது. முடிவெடுத்தவர் பேர் இருந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

"சேவை ஓய்வு" என்று போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறதே. அதில் என்ன குடி முழுகிப்போகிறது?

அந்த நான்கில் மோசமானது இதுதான்.

1980-ஆம் ஆண்டு வேலைநீக்க, ஆட்குறைப்பு அனுகூல விதிமுறைப்படி, தொடர்ந்து ஓராண்டாவது வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் பணம் கொடுக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இது குறைந்தபட்சம். 18 ஆண்டு பால்மரம் சீவியவருக்கு 18 தடவை 20, அதாவது 360 நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதைக் கடைசி 12 மாதச் சராசரியை வைத்துப் பார்ப்பார்கள். வேலை முடிந்த 7 நாளுக்குள் கையில் வர வேண்டும்.

ஆனால் ஒருவர் தானாக விலகினாலோ ஒப்பந்தத்தில் உள்ள வயது வந்து ஓய்வு பெற்றாலோ இந்தப் பணம் கிடையாது. சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்திலும் இதே நிலைதான், அது ஆட்குறைப்புக்கு உதவும், ராஜினாமாவுக்கும் ஓய்வுக்கும் உதவாது. அதற்கு வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இப்போது பாருங்கள். நோட்டீஸில் "ஓய்வு" என்று போட்டு, கீழே "ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு கோடு போட்டு, அதில் 52 வயது அம்மா ஒருவர் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அவரே ஓய்வு கேட்டார் என்று நாளைக்கு யாராவது அந்தத் தாளைத் தூக்கிக் காட்டலாம். உண்மையில் ஆட்குறைப்புதான் என்று நிரூபிக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு அவர் தொழிலாளர் இலாகாவுக்கு நடக்க வேண்டும், சங்கத்தைப் பிடிக்க வேண்டும், 60 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மரியாதைச் சொல்லுக்கு இவ்வளவு விலை.

"அனுகூலங்கள் விதிமுறைப்படி" என்பதும் இதே ஜாதி. விதிமுறை தெரிந்தவர் அந்த ஆபீஸில் இரண்டு பேர் இருப்பார்கள். தெரியாத 34 பேருக்குத்தான் நோட்டீஸ் எழுதுகிறோம்.

மானேஜர் சொல்கிறார், இவ்வளவு பச்சையாகப் போட்டால் ஆள்கள் கொதித்துப் போவார்கள், ஆபீஸ் முன்னால் கூட்டம் கூடிவிடும் என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே?

அவர் பயம் எனக்குப் புரிகிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று அத்தனை முகங்களையும் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

ஆனால் நான் பார்த்த வரையில் கூட்டம் கூடுவது மழுப்பலான நோட்டீஸுக்குத்தான். முதல் நாள் யாருக்கும் புரியாது. இரண்டாம் நாள் கடையில் ஒருவர் எல்லோருக்கும் வேலை போகிறதாம் என்பார், இன்னொருவர் இந்தோனேசியத் தொழிலாளர்களை மட்டும்தான் அனுப்பப் போகிறார்களாம் என்பார், மூன்றாமவர் வீட்டை அடுத்த வாரமே இடிக்கிறார்களாம் என்பார். எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும். பிறகு உண்மை தெரியும்போது வேலை போன கோபத்தோடு, நம்மை முட்டாளாக்கப் பார்த்தார்கள் என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது கோபத்தை ஆற்றுவது ரொம்பக் கஷ்டம்.

மானேஜரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஐயா, கடுமையான சொல் வேண்டாம், தெளிவான சொல் போதும். "உங்களை நீக்குகிறோம்" என்று எழுதச் சொல்லவில்லை, "ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வேலை முடிகிறது" என்று எழுதலாம். முதலாவது ஆளைத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது, இரண்டாவதில் விவரம் இருக்கிறது. நல்ல மானேஜர்கள் இதற்குச் சம்மதித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். ஆட்குறைப்பு செய்வதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்னால் தொழிலாளர் இலாகாவுக்கு, ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பி.கே. பாரம் அனுப்ப வேண்டும். அந்தப் பாரத்தில் மறுசீரமைப்பு, ஓய்வு என்று பூசி எழுத முடியாது, எத்தனை பேர், எந்தக் காரணம் என்று போட்டுத்தான் ஆக வேண்டும். இலாகாவுக்கு நேராகச் சொல்வதைத் தொழிலாளிக்குச் சுற்றி வளைத்துச் சொன்னால், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? மலாய்க் கடிதத்துக்கும் இதேதான். மலாயில் வேலைநீக்கம் என்று தெளிவாக இருந்து, தமிழில் மட்டும் இனிப்பு தடவியிருந்தால் நான் அந்த வேலையை வாங்குவதில்லை.

தேதி எப்படிச் சரிபார்ப்பது? எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை முடியலாமா?

முடியலாம், ஆனால் நோட்டீஸ் காலம் குறையக் கூடாது. ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல காலம் எழுதியில்லை என்றால், 1955 வேலைச் சட்டத்தில் இருப்பது 2 ஆண்டுக்குக் கீழ் 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். மேலே உள்ள உதாரணத்தில் மார்ச் 2-லிருந்து 8 வாரம் எண்ணினால் ஏப்ரல் 27. ஏப்ரல் 30 அதைத் தாண்டியிருக்கிறது, அதனால் பழைய ஆளுக்கும் சரி, புது ஆளுக்கும் சரி, தேதி செல்லும். "விரைவில்", "படிப்படியாக", "தக்க நேரத்தில்" என்று போட்டிருந்தால் இந்தக் கணக்கையே போட முடியாது. இந்த மூன்று சொல்லையும் எங்கே பார்த்தாலும் அங்கே தேதி கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நோட்டீஸில் "உரிமை மாற்றம் காரணமாகப் புதிய நிர்வாகத்தின் கீழ் சேவை தொடர்வது குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்" என்று இருக்கிறது. இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா?

அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது, அதுதான் அந்த வரியின் கோளாறு.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தோட்டம் கைமாறினால் வாங்குகிறவர், கைமாறிய 7 நாளுக்குள், இப்போது இருப்பதைவிடக் குறையாத நிபந்தனையில் வேலை தருவதாகச் சொன்னால், ஆட்குறைப்புப் பணம் கிடையாது. தக்க காரணம் இல்லாமல் அந்த வேலையை மறுத்தாலும் பணம் கிடையாது. அப்படி வேலை தருவதாகச் சொல்லவில்லை என்றால் பணம் உண்டு. ஆக இங்கே எல்லாமே அந்த 7 நாளையும், நிபந்தனை குறைகிறதா இல்லையா என்பதையும் பொறுத்தது. "பின்னர் அறிவிக்கப்படும்" என்று படுத்துக்கொண்டிருக்கிற நோட்டீஸ், அந்த 7 நாளை ஆள்கள் கண்ணில் படாமல் கடத்திவிடும்.

இதை எழுதுகிறவராக இருந்தால் "தோட்டம் விற்கப்பட்டது" என்று ஆரம்பியுங்கள். எந்தத் தேதியில் கைமாறுகிறது, புது முதலாளி வேலை தருகிறாரா, சம்பளமும் பழைய ஆண்டுக் கணக்கும் அப்படியே தொடருமா என்று எழுதுங்கள். புது முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் அதையே எழுதுங்கள்: "புதிய முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை, இந்தத் தேதிக்குள் கேட்டுச் சொல்கிறோம்." இது மழுப்பல் ஆகாது, ஏனென்றால் எது தெரியும் எது தெரியாது என்று பிரித்துக் காட்டிவிட்டது.

படிக்கிறவராக இருந்தால் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கேள்விகளை எழுத்திலேயே கேளுங்கள்.

வீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் கொஞ்சம் இதமாக எழுதலாமா? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதமாக எழுதுங்கள், ஆனால் "காலி செய்ய வேண்டும்" என்ற மூன்று சொல்லை எடுக்காதீர்கள். லயத்து வீடு தாத்தா காலத்திலிருந்து இருக்கிற இடம். முன்வாசலில் வைத்த முருங்கை, பின்னால் கட்டிய குசினி, சுவரில் மாட்டிய கல்யாணப் படம் எல்லாம் அங்கேதான். "குடியிருப்பு வசதி மறுபரிசீலனை" என்று படிக்கும் ஒருவர், கூரையை மாற்றித் தரப்போகிறார்கள் என்றுகூட நினைக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாற்றம், வாடகை வீடு, முன்பணம் எதையும் பார்க்காமல் இருந்துவிட்டால் ஜூலையில் தவிப்பது பிள்ளைகள்தான்.

இதம் காட்ட வேண்டிய இடம் வேறு. கடைசித் தேதியைத் தள்ளிப் போடுங்கள், சாமான் ஏற்ற லாரி தருகிறோம் என்று எழுதுங்கள், பள்ளி ஆண்டு முடியும் வரை இருக்கலாம் என்று எழுதுங்கள். தர முடிந்ததைச் செயலில் தந்தால் சொல்லில் பூச வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

அப்படியானால் மரண அறிவிப்பில் "இறைவனடி சேர்ந்தார்" என்று போடுவது தப்பில்லையா?

தப்பே இல்லை, போடுங்கள். சைவக் குடும்பம் "சிவபதம் அடைந்தார்" என்று கேட்பார்கள், கிறிஸ்துவக் குடும்பம் "கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்" என்பார்கள். அது அவர்கள் நம்பிக்கை, அவர்கள் துக்கம். நான் அதில் கை வைக்க மாட்டேன். யாரும் எதையும் இழக்கப் போவதில்லை.

ஆனால் கீழே வரும் வரிகள் பச்சையாக இருக்க வேண்டும். நல்லுடல் எந்த வீட்டில், எந்த லயன், எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்தச் சுடுகாடு அல்லது மின்சுடலை, தொடர்புக்கு யார். "மாலையில் இறுதி யாத்திரை" என்று மட்டும் போட்டால் கோலாலம்பூரிலிருந்து வருகிற மகள் வழி பேரன் எத்தனை மணிக்குக் கிளம்புவான்?

வேலை செய்யும்போது விபத்தில் இறந்துவிட்டார். "அசம்பாவிதத்தில் மறைந்தார்" என்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?

யார் பேரில் போகிற தாள் என்று முதலில் சொல்லுங்கள்.

குடும்பத்தின் மரண அறிவிப்பு என்றால் தாராளமாகப் போடலாம். எப்படி விழுந்தார், என்ன அடிபட்டது என்பதை ஊருக்குச் சொல்லும் கடமை அந்த அம்மாவுக்கு இல்லை.

தோட்ட ஆபீஸ் எழுதுகிற தாள் என்றால் கூடாது. வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவி பிள்ளைகளுக்கு வர வேண்டிய சார்ந்தோர் அனுகூலம், அது வேலையின்போது நடந்த விபத்து என்பதைப் பொறுத்து நிற்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடப்பதும் அதில் சேரும். ஆக எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் காடு, என்ன வேலை செய்துகொண்டிருந்தார், கூட யார் இருந்தார் என்று எழுத வேண்டும். அசம்பாவிதம் என்ற சொல்லுக்குள் வீட்டில் மயங்கி விழுந்ததும் அடங்கும், குலை அறுக்கும்போது மட்டை விழுந்ததும் அடங்கும். இரண்டுக்கும் கிடைக்கிற பணம் வேறு.

நோய் என்றால் இதே பிரிவினைதான். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என்றால் "உடல்நலக் குறைவால்" போதும், குடும்பம் விரும்பினால் மட்டும் நோயின் பேரைப் போடலாம். டிங்கி என்றால் தோட்ட ஆபீஸ் தனியாக ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டும், இறந்தவர் பேரைப் போடாமல், "இந்த லயத்தில் டிங்கிக் காய்ச்சல் கண்டிருக்கிறது, காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள், தண்ணீர் தேங்கும் வாளி, டயரைக் கவிழ்த்து வையுங்கள்" என்று. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பேர் தெரிந்தே ஆக வேண்டும்.

தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர் என்றால் "மறைந்தார்" மட்டும். எப்படி, எங்கே என்று ஒரு சொல்கூட வேண்டாம். அதைப் படிப்பவர்களில் அதே மனநிலையில் இருப்பவர் ஒருவர் இருக்கலாம்.

கோயில் பொருளாளரைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டோம். கணக்கு இடிக்கிறது, ஆனால் இன்னும் விசாரணை முடியவில்லை. "சொந்தக் காரணங்களுக்காக விலகினார்" என்று போடலாமா?

போடாதீர்கள். அது பூசி எழுதுவது இல்லை, பொய். அவர் விலகவில்லை, நீங்கள் எடுத்தீர்கள். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் செயற்குழுவே மறைத்தது என்றாகும்.

அதற்காக "பணத்தைக் கையாடியவர்" என்றும் போடக் கூடாது. நிரூபணம் ஆகாத குற்றத்தைச் சுவரில் ஒட்டினால் அவதூறு வழக்கு வரும், அதற்கு 1957-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஒருவேளை அவர் தப்பே செய்யவில்லை என்றால் அந்தக் குடும்பம் இந்தச் சின்ன ஊரில் எப்படித் தலை காட்டும்?

காரணத்தையே விட்டுவிடுங்கள். "இன்று முதல் இவர் கோயில் பொருளாளர் இல்லை. புதிய பொருளாளர் இவர். பழைய ரசீதுப் புத்தகத்தில் யாரும் இனி பணம் செலுத்த வேண்டாம். கணக்கு பரிசோதிக்கப்படுகிறது, முடிவு பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கப்படும்." பக்தருக்குப் பணம் நஷ்டமாகாமல் இருக்கத் தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது. ஒன்றைச் சொல்லாமல் விடலாம், அதற்குப் பதில் இல்லாத ஒன்றைச் சொல்லக் கூடாது.

எழுதி முடித்த பிறகு இது புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒட்டுவதற்கு முன்னால், அந்த விஷயத்தில் சம்பந்தமில்லாத ஒருவரை, முடிந்தால் பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு பெரியவரை உட்கார வைத்து ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். "பாட்டி, இதில் உங்கள் பேர் இருந்தால் நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஆபீஸுக்குப் போய் என் கடிதத்தை வாங்குவேன், சொக்சோவுக்கு ஜூனுக்குள்ளே போவேன்" என்று வந்தால் நோட்டீஸ் தேறிவிட்டது. "எனக்கென்ன தெரியும், துரை பார்த்துச் செய்வார்" என்று வந்தால் திரும்ப உட்கார வேண்டும், எங்கேயோ ஒரு மழுப்பல் இன்னும் ஒளிந்திருக்கிறது.

பெரட்டில் வாசிக்கப் போகிற நோட்டீஸ் என்றால் தேதியை இரண்டு தடவை சொல்லும்படி எழுதுங்கள். காதில் விழுகிற தேதி நிற்காது.

அக்கா, எங்கள் அம்மா ஏற்கெனவே "சேவை ஓய்வுக்குச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் இன்றைக்கே எழுந்து போங்கள். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், நோட்டீஸைப் படம் எடுத்து வையுங்கள். அம்மாவோடு சேர்ந்து எத்தனை பேருக்கு வேலை போனது, அவர் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு பிரிவு முழுக்க "ஓய்வு" பெற்றது என்றால் அதுவே பெரிய சாட்சி. கடைசியாக வந்த சம்பளச் சீட்டுகள், முடிந்தால் 12 மாதத்துக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார். அநியாயமாக நீக்கப்பட்டார் என்று சொல்வதானால் தொழில் உறவு இலாகாவில் மனு, அதற்கு வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான். சொக்சோ உதவிக்கும் 60 நாள். சங்க உறுப்பினர் என்றால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையில் ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். புகாரில் அம்மாவின் சொல்லிலேயே எழுதுங்கள்: "ஓய்வு நான் கேட்கவில்லை. வேலை இல்லை என்று சொன்னார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்." அழகுபடுத்த வேண்டாம். எழுத ஆள் இல்லை என்றால் சம்பளச் சீட்டோடு கடைக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.